சமையலறையில் கரண்டி பறந்தால் எழுதி வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோட்டல் சமையலறை என்றால் கத்தல் இருக்கத்தானே செய்யும்? இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டுமா?

கத்தல் இருக்கும். புகைபோக்கி விசிறியும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் மெல்லப் பேசினால் யாருக்கும் கேட்காது. "பின்னால் வருகிறேன்", "சூடு", "கத்தி" என்று உரக்கச் சொல்லாமல் நடப்பவர்தான் ஆபத்தானவர். ஆர்டரை உரக்க வாசிப்பதும், அந்தந்தப் பகுதியில் நிற்பவர்கள் உரக்கப் பதில் சொல்வதும் வேலையின் பகுதி. இவை எதையும் எழுத வேண்டியதில்லை.

எழுத வேண்டியது வேறு. குரல் எதைச் சுமந்து வருகிறது என்று பாருங்கள். "ஏழாம் மேசைக்கு இன்னும் ஏன் வரவில்லை?" என்பது எவ்வளவு சத்தமாக வந்தாலும் வேலையைப் பற்றிய கேள்வி. உங்கள் பிறப்பையோ, உடலையோ, தாயையோ இழுத்துப் பேசினால் அதற்கும் ஏழாம் மேசைக்கும் தொடர்பில்லை. தட்டு வெளியே போன பிறகும் திட்டு நிற்கவில்லை என்றால், அதைச் சர்வீஸ் நெருக்கடியின் கணக்கில் எழுத முடியாது. ஒரு பொருள் கையை விட்டு ஆளை நோக்கிப் பறந்தால் அங்கே வாதத்துக்கே இடமில்லை. காலியான பிளாஸ்டிக் டப்பாவானாலும் எழுதுங்கள்.

பெரிய ஷெஃப்கள் எல்லோரும் அடியும் திட்டும் வாங்கித்தான் வளர்ந்தார்கள் என்கிறார்களே?

பலர் அப்படி வளர்ந்தது உண்மைதான். ஆனால், சமையலறை ஒழுங்கே அதனால்தான் நிற்கிறது என்பது பொய். அந்த ஒழுங்கை வகுத்தவரின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

இன்று உலகெங்கும் ஹோட்டல் சமையலறைகளில் இருக்கும் பகுதி பிரிப்பையும் படிநிலையையும் முறைப்படுத்தியவர் அகஸ்ட் எஸ்கோஃபியே. 1859இல், 13 வயதில், இன்று பிரான்ஸில் இருக்கும் நீஸ் நகரில் சித்தப்பா முறை உறவினரின் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அடியும் திட்டும் வாங்கியவர்தான். 1870இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் பிரெஞ்சு ராணுவத்துக்குச் சமைத்தார். ராணுவ அணிவகுப்பின் சாயல் சமையலறைப் பதவிகளில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 1890இல் லண்டனின் சவோய் ஹோட்டல் சமையலறைக்குப் பொறுப்பேற்றார். தன் சமையலறைகளில் கூச்சலையும் வசவையும் அவர் அனுமதிக்கவில்லை. கோபம் தலைக்கேறினால் தானே வெளியே போய்விட்டு, தணிந்த பின் திரும்புவார் என்பார்கள். "இது எஸ்கோஃபியே காலத்து மரபு" என்று சொல்லிக்கொண்டு கரண்டியை வீசுகிறவர், அந்த மரபில் எதைப் பின்பற்றுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, என்ன எழுதுவது? எவ்வளவு விவரம் வேண்டும்?

ஒரே சம்பவத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். வீசியவர் ஸூ ஷெஃப், அதாவது தலைமை ஷெஃப்புக்கு அடுத்த நிலையில் இருப்பவர். முதலாவது, பெரும்பாலோர் எழுதும் விதம்:

"நேற்று இரவு ஸூ ஷெஃப் வழக்கம்போல வெறிபிடித்தவர் மாதிரி கத்தினார். தகாத வார்த்தைகளால் திட்டினார். பாத்திரத்தை என் மேல் எறிந்து கொல்லப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்."

எழுதியவரின் வலி இதில் தெரிகிறது. ஆனால் விசாரிக்கிறவருக்கு இதில் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. எத்தனை மணிக்கு? எந்தப் பாத்திரம்? என்ன வார்த்தை? எல்லோரும் என்றால் யார் யார்? ஸூ ஷெஃப் "நான் மேடையில் வைத்தேன், அது நழுவியது" என்று சொன்னால் இந்த நான்கு வரிகளால் பதில் சொல்ல முடியாது. இப்போது இரண்டாவது:

"2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, இரவு சர்வீஸ். நான் கிரில் பகுதியில். 12ஆம் மேசை ஆர்டர் சீட்டு 8.42க்கு அச்சானது. அதற்கான இறைச்சியை நான் அதிகமாக வேகவைத்துவிட்டேன், தவறு என்னுடையது. சுமார் 9 மணிக்கு ஸூ ஷெஃப் தட்டைத் திருப்பித் தள்ளி, 'உன்னையெல்லாம் யாரடா அடுப்படிக்குள் விட்டது' என்றார். (தொடர்ந்து சொன்ன வசவுகள், சொன்னபடியே.) அடுப்பின் மேல் இருந்த சிறிய இரும்பு வாணலியை வலது கையால் எடுத்தார். கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி என் பக்கம் வீசினார். எங்களுக்கு இடையே இரண்டு மேடை நீளம் தூரம். வாணலி என் இடது முழங்கைக்குக் கீழே பட்டு, பின்னால் இருந்த குளிர்பெட்டியின் கதவில் மோதித் தரையில் விழுந்தது. கதவில் புதிதாக ஒரு பள்ளம். வாணலி காலியாக இருந்தது, ஆனால் சூடாக இருந்தது. பட்ட இடம் உடனே சிவந்தது. பக்கத்துப் பகுதியில் இருந்த இளநிலைச் சமையல்காரரான கமியும், தட்டுக்காகக் காத்திருந்த பரிமாறுபவர் ஒருவரும் எங்களைப் பார்த்தபடி நின்றார்கள். ஸூ ஷெஃப், 'எடுத்து வைத்துவிட்டு வேலையைப் பார்' என்றார். 11 மணிக்குமேல், 'இன்று கொஞ்சம் சூடாகிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே' என்றார். இதை 11.50க்குப் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்."

இரண்டாவதில் "கொடூரம்", "வெறி" போன்ற சொற்கள் இல்லை. அவை தேவைப்படவும் இல்லை. கை தோளுக்கு மேல் போனது என்ற ஒரு வரியே "நழுவியது" என்ற பதிலை அடைத்துவிடுகிறது. கையிலிருந்து நழுவும் பாத்திரம் காலடியில் விழும். இரண்டு மேடை தாண்டிப் போய்க் கதவில் பள்ளம் போடாது. ஆர்டர் சீட்டில் அச்சாகும் நேரத்தை உங்களாலும் மாற்ற முடியாது, அவராலும் மாற்ற முடியாது. மேசை எண்ணைக் குறித்து வைத்தால் போதும், பில் கணினியில் அந்த நேரம் பின்னாலும் கிடைக்கும். சீட்டைக் கிழித்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது நிறுவனத்தின் ஆவணம். கதை திசைமாறி "ஆவணத் திருட்டு" என்று உங்கள் மேலேயே திரும்பும்.

இரண்டு இடங்களில் எல்லோரும் தயங்குவார்கள். முதலாவது வசவு. "தகாத வார்த்தை" என்று எழுதி நாகரிகமாக முடித்துக்கொள்ளத்தான் நமக்குக் கை போகும். இந்தப் பக்கத்தில் நானும் அதைத்தான் செய்திருக்கிறேன், ஏனென்றால் இது பலர் படிக்கும் பக்கம். உங்கள் நோட்டு அப்படியல்ல. அதில் அந்தச் சொற்களைச் சொன்னபடியே, எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி எழுதுங்கள். சாதியை, இனத்தை, பெண் என்பதைக் குறிவைத்த சொல்லா, வெறும் எரிச்சல் சொல்லா என்பதைப் பொறுத்து ஒரு புகாரின் சட்ட எடையே மாறிவிடும். பொதுவாக எழுதினால் அந்த வேறுபாடு அழிந்துபோகும்.

இரண்டாவது, உங்கள் தவறு. இறைச்சி உங்களால்தான் கெட்டது என்றால் அதை எழுதுங்கள். விசாரணையில் அது எப்படியும் வெளியே வரும். உங்கள் குறிப்பிலேயே இருந்தால், மற்ற வரிகளையும் நம்பலாம் என்று படிப்பவருக்குத் தோன்றும். வெந்துபோன இறைச்சிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கலாம், வேறு பகுதிக்கு மாற்றலாம். வாணலியை வீசுவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

சமையலறைக்குள் போனுக்குத் தடை. எப்போது, எதில் எழுதுவது?

பக்கங்கள் தைக்கப்பட்ட சாதாரண நோட்டு போதும். சுருள் கம்பி நோட்டு வேண்டாம். தாளைக் கிழித்துச் செருகினார்கள் என்ற சந்தேகத்துக்கு அது இடம் கொடுக்கும். சர்வீஸ் நடுவே எழுத நேரம் கிடைக்காது. ஆனால் சட்டைப்பையில் இருக்கும் சீட்டில் மேசை எண்ணையும் இரண்டு சொற்களையும் கிறுக்கிக்கொள்ளலாம். தூங்கப் போவதற்கு முன் நோட்டில் முழுமையாக எழுதிவிட வேண்டும். மறுநாள் காலைக்குள் சொற்கள் மங்கிவிடும். மூன்றாம் நாள் உங்களுக்கு நினைவில் இருப்பது சம்பவமல்ல, நீங்கள் நண்பரிடம் சொன்ன கதை.

எழுதியதும் பக்கத்தைப் படம் எடுத்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். இது கிடைத்ததற்கான நேரம் சர்வரில் பதிவாகிவிடும். "எல்லாவற்றையும் வேலை போன பிறகு உட்கார்ந்து எழுதினான்" என்ற குற்றச்சாட்டுக்கு அந்த நேரமே பதில். அலுவலக மின்னஞ்சலையோ அலுவலகக் கணினியையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். உங்களை வேலையிலிருந்து நிறுத்தும் நாளிலேயே அந்தக் கதவு மூடப்பட்டுவிடும். நோட்டை லாக்கரிலும் வைக்காதீர்கள். லாக்கருக்கு இன்னொரு சாவி இருக்கும்.

தாமதமாக எழுத நேர்ந்தால், "இதை மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், நேரம் தோராயமானது" என்று முதல் வரியில் சொல்லிவிடுங்கள். தவறாக எழுதியதை மையால் மூடாமல், கீழே இருப்பது படிக்கும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் போடுங்கள். பழைய பதிவை "இன்னும் வலுவாக" திருத்தி எழுதும் ஆசை வரும். அந்த ஒரு காரியம் மொத்த நோட்டையும் செல்லாக் காசாக்கிவிடும். புதிதாக ஏதாவது நினைவுக்கு வந்தால் அன்றைய தேதியில் தனிக் குறிப்பாக எழுதுங்கள்.

காயம் பட்டால் முதலில் படம் எடுக்க வேண்டுமா, மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

தீக்காயமாக இருந்தால் முதலில் குழாயடிக்குப் போங்கள். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் கூடாது, பற்பசை கூடாது. மோதிரமோ கடிகாரமோ இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். "இரண்டு நிமிடம் போதும், ஆர்டர் தேங்குகிறது" என்று யார் சொன்னாலும் 20 நிமிடம்தான். உங்களை முன்னதாகவே திரும்பக் கூப்பிட்டால், கூப்பிட்டவர் யார் என்பதையும் அன்றிரவு எழுதிக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ இருந்தால் நோட்டையும் படத்தையும் மறந்துவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அதன் பிறகு படம். முதலில் முகமும் கையும் சேர்ந்து தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, காயம் யாருடையது என்பது அதில்தான் தெரியும். பிறகு கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து. மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் அதே வெளிச்சத்தில் எடுங்கள். அடிபட்ட இடம் பல நேரங்களில் அடுத்த நாள்தான் நன்றாகக் கன்றித் தெரியும். ஆனால் கன்றலின் நிறத்தை வைத்து அது எந்த நாளில் ஏற்பட்டது என்று உறுதியாகச் சொல்ல மருத்துவர்களாலும் முடியாது. தேதியைப் படத்தோடு சேர்ந்த பதிவும் குறிப்பும்தான் சொல்ல வேண்டும். அதனால் மூலப் படக்கோப்பை அழிக்காதீர்கள்; வெட்டவோ நிறம் கூட்டவோ செய்யாதீர்கள்.

மருத்துவரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் இதில் மிக முக்கியம். மேற்பார்வையாளர் கூடவே வந்து, "தரை ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டான்" என்று உங்களுக்கு முன்னால் பதில் சொல்வார். வெட்கத்திலும் பயத்திலும் நீங்களும் தலையாட்டுவீர்கள். மருத்துவர் அதை அப்படியே எழுதிவிடுவார். மாதங்கள் கழித்து நீங்கள் உண்மையைச் சொல்லும்போது உங்களுக்கு எதிரான முதல் சாட்சி அந்த மருத்துவச் சீட்டாகத்தான் இருக்கும். தனியாகப் பேச வேண்டும் என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். "வேலையிடத்தில் ஒருவர் வீசிய சூடான வாணலி பட்டது" என்று சொல்லுங்கள். அவர் எழுதியதைப் படித்துப் பார்த்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் விபத்துப் பதிவேடு இருந்தால் அதிலும் இது ஏற வேண்டும். "பாத்திரம் கையில் விழுந்தது" என்று அவர்கள் எழுதி உங்களிடம் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்துக்கு மேலே "வீசப்பட்டது, மேலே எழுதியதை நான் ஏற்கவில்லை" என்று உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள்.

மேலே படவே இல்லை, பக்கத்துச் சுவரில்தான் பட்டது. இதைப் புகாராகச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

சிரிக்கலாம். சிரிக்கிறவரிடம் அந்தச் சுவருக்கும் எண்ணெய்ப் பொரிப்பானுக்கும் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பொரிக்கும் எண்ணெய் ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸில் இருக்கும். அதில் ஒரு கரண்டி விழுந்தால் எண்ணெய் யார் மேல் தெறிக்கும் என்பதை வீசியவரால் தீர்மானிக்க முடியாது. ஆகவே படாத வீச்சை எழுதும்போது பொருள் எங்கே விழுந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் யார் நின்றார்கள், எந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, யார் கையில் கத்தி இருந்தது, தரை ஈரமா என்பதையும் சேருங்கள். பக்கத்திலேயே சமையலறையின் வரைபடத்தைக் கோட்டோவியமாகப் போட்டு, நின்றவர்களைப் புள்ளிகளாகவும் பொருள் போன பாதையை அம்பாகவும் காட்டுங்கள். அழகு தேவையில்லை. மனம் புண்பட்டது என்ற புகாரைக் கண்டுகொள்ளாத மேலாளர்கள்கூட, பொரிப்பானுக்கு ஓர் அடி தள்ளி இரும்பு பறந்தது என்று எழுத்தில் வந்தால் அதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்ப்பார்கள். காப்பீடும் ஆய்வாளரும் அவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

சட்டத்தின் பார்வையும் மாறியிருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றி, 2021 ஜூன் 25 முதல் நடைமுறைக்கு வந்த 190ஆம் உடன்படிக்கை, வேலையிட வன்முறையையும் துன்புறுத்தலையும் வரையறுக்கும்போது மிரட்டலையும் சேர்த்துக்கொள்கிறது. ஒரே ஒரு முறை நடந்தாலும், திரும்பத் திரும்ப நடந்தாலும் அது பொருந்தும் என்கிறது. உடலுக்கு ஏற்படும் கேட்டோடு மனத்துக்கு ஏற்படும் கேட்டையும் சொல்கிறது. பயிற்சிக்கு வந்தவர்களையும், வேலையை விட்டுப் போனவர்களையும் அது பாதுகாக்கிறது. சமையலறையில் அதிகம் அடிபடுகிறவர் சம்பளமில்லாப் பயிற்சியாளர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் நாடு இதை ஏற்று உறுதி செய்திருந்தால்தான் அது அங்கே கட்டுப்படுத்தும். உறுதி செய்யாத நாடுகளிலும் தாக்குதல் தாக்குதல்தான். அதற்கான சட்டம் எங்கும் உண்டு.

ரகசியமாக ஒலிப்பதிவு செய்து வைக்கலாமா?

நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. பேச்சில் கலந்துகொள்ளும் ஒருவர் சம்மதித்தால் போதும் என்று சொல்லும் இடங்கள் உண்டு. எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்று சொல்லி, மீறினால் தண்டிக்கும் இடங்களும் உண்டு. நீங்கள் இல்லாத இடத்தில் போனை ஒளித்து வைத்துப் பிறர் பேச்சைப் பிடிப்பது பெரும்பாலான இடங்களில் குற்றம். உள்ளூர் வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ கேட்காமல் இதில் இறங்காதீர்கள். சட்டம் அனுமதித்தாலும், போன் தடையை மீறியதற்காக உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க அது ஒரு காரணமாகிவிடும். விசிறி இரைச்சலில் பதிவாவதும் பெரும்பாலும் உறுமல்தான்.

அதைவிடப் பயனுள்ளது கண்காணிப்புக் கேமரா. தட்டு வெளியேறும் மேடையை நோக்கியோ கிடங்கு வாசலை நோக்கியோ ஒன்று இருக்கக்கூடும். குரல் பதிவாகாவிட்டாலும் கை உயர்ந்தது தெரியும். பழைய பதிவின் மேல் புதியது ஏறி, பல இடங்களில் சில வாரங்களிலேயே அழிந்துவிடும். ஆகவே சம்பவம் நடந்த ஓரிரு நாளில், "மார்ச் 14 இரவு 8.45 முதல் 9.30 வரையிலான பதிவை அழிக்காமல் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுத்தில் கேளுங்கள். தராமல் போகலாம். கேட்ட பிறகு அழிந்தது என்பதே பின்னால் ஒரு கேள்வியாக நிற்கும்.

பணியாளர் வாட்ஸ்அப் குழுவில் ஷெஃப் இரவு ஒரு மணிக்குத் திட்டி எழுதுகிறார். அதற்கு என்ன செய்வது?

இதில் உங்கள் வேலையை அவரே செய்து கொடுக்கிறார். குழுவில் மறையும் செய்திகள் வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் 24 மணி நேரத்திலோ, 7 நாளிலோ, 90 நாளிலோ எல்லாம் போய்விடும். தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவருடைய செய்தியை மட்டும் வெட்டாமல், முன்னும் பின்னும் உள்ள செய்திகளோடு எடுங்கள். "Export chat" மூலம் முழு உரையாடலையும் கோப்பாக எடுத்துச் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். கோபத்தில் பதில் போடாதீர்கள். அந்தப் பதிலும் அதே கோப்பில் வரும். உங்களைக் குழுவிலிருந்து நீக்கினால், நீக்கியதைக் காட்டும் வரியையும் படம் எடுங்கள்.

பார்த்தவர்கள் யாரும் சாட்சி சொல்லத் தயாராக இல்லை. எல்லோருக்கும் பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பயிற்சியாளருக்குச் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு விசா அந்த முதலாளியின் கையில். அனுபவம் மிக்கவருக்கு அடுத்த வேலைக்கு ஒரு தொலைபேசி விசாரிப்பு வரும் என்ற கவலை. அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர்கள் பார்க்கும் தூரத்தில் இருந்தார்கள் என்று எழுதினால் போதும். என்ன பார்த்தார்கள் என்று நீங்களே அவர்கள் வாயில் சொல் வைக்க வேண்டாம்.

கேட்கலாம் என்று தோன்றுகிறவரிடம் கேட்க வேண்டியது புகாரில் சேருவதை அல்ல. "அண்ணே, நீங்கள் பார்த்ததை உங்களுக்காக, உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். என்னிடம் காட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். பிற்பாடு வேலையை விட்டுப் போனபின் சிலர் துணிந்து அதைக் கொடுக்கவும் செய்வார்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதினால் ஒரே சொல், ஒரே வரிசை வந்துவிடும். விசாரிப்பவர் அதைப் பார்த்ததும் சொல்லிக்கொடுத்து எழுதியது என்றே எடுத்துக்கொள்வார். ஒருவர் "வலது கை" என்றும் இன்னொருவர் "எந்தக் கை என்று கவனிக்கவில்லை" என்றும் எழுதியிருப்பதில்தான் உண்மை தெரியும்.

அவர் எல்லோரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறார் என்று மேலாளர் சொல்கிறார்.

அப்படியா என்பதை நோட்டு காட்டும். யார் இலக்கு, என்ன பதவி, அன்று எத்தனை பேர் விடுப்பில் இருந்தார்கள் என்பதை ஒவ்வொரு பதிவிலும் சேர்த்துவாருங்கள். எதுவும் நடக்காத நாள்களையும் ஒற்றை வரியில் "இன்று ஒன்றும் இல்லை" என்று குறியுங்கள். சில வாரங்களில் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். வீச்சு எல்லாம் கமிகளையும் பயிற்சியாளர்களையும் நோக்கியே போயிருக்கும். சமபதவியில் இருப்பவரை நோக்கி ஒன்றுகூடப் போயிருக்காது. முதலாளி சமையலறைக்குள் நின்ற இரவுகள் எல்லாம் அமைதியாக இருந்திருக்கும். அடக்க முடியாத கோபம் ஆள் பார்த்து அடங்குவதில்லை. உண்மையிலேயே எல்லோர் மேலும்தான் வீசுகிறார் என்றால், ஆபத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது, அவ்வளவுதான்.

யாரிடம் கொடுப்பது? எங்கள் இடத்தில் உரிமையாளரே ஷெஃப்.

பெரிய ஹோட்டல் என்றால் பணியாளர் கையேட்டில் புகார் முறை இருக்கும். அதில் சொன்ன வரிசையிலேயே போங்கள், இல்லாவிட்டால் "முறைப்படி வரவில்லை" என்று அதிலேயே நிற்கும். நோட்டைக் கொடுக்காதீர்கள். அதிலிருந்து மூன்று அல்லது நான்கு வலுவான சம்பவங்களை மட்டும் எடுத்து, இரண்டு பக்கத்துக்குள் கடிதமாக எழுதிக் கொடுங்கள். நாற்பது பக்கத்தை யாரும் படிக்க மாட்டார்கள். படிப்பவரும் அதில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசுவார். கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்: விசாரணை முடியும்வரை வேறு ஷிப்ட், கேமரா பதிவைப் பாதுகாத்தல், எழுத்தில் பதில். கடிதம் பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள் அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்மொழியாகக் கூப்பிட்டுப் பேசினால் அன்றே, "இன்று நாம் பேசியது இது" என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

உரிமையாளரே வீசுகிறவர் என்றால் உள்ளே கொடுப்பதற்கு ஆள் இல்லை. தொழிற்சங்கம், தொழிலாளர் துறை, வேலையிடப் பாதுகாப்பு ஆய்வாளர், காயம் என்றால் காவல்துறை என்று வெளியேதான் போக வேண்டும். பயிற்சி மாணவர் என்றால் அனுப்பிய கல்லூரிக்கும் நகல் போகட்டும். வெளி அமைப்புகளுக்குக் காலக்கெடு உண்டு. சில நாடுகளில் அது சில மாதங்களே. கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சமூக வலைதளத்தில் போடுவதை அதற்கெல்லாம் பிறகு யோசியுங்கள். பெயர் போட்டு எழுதினால் அவதூறு வழக்கு வரலாம், உங்கள் சாட்சிகளும் அதோடு ஒதுங்கிவிடுவார்கள்.

புகார் கொடுத்த பிறகு என் டியூட்டியையே மாற்றிவிட்டார்கள்.

இதற்காகத்தான் புகார் கொடுக்கும் முன்பே கடந்த இரண்டு மாத டியூட்டி அட்டவணையைப் படம் எடுத்து வைக்கச் சொல்வேன். புகாருக்கு முன் எத்தனை மணி நேரம், எந்தப் பகுதி, எத்தனை வாராந்திர விடுமுறை. புகாருக்குப் பின் எத்தனை. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தால் பேச்சே வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பழிவாங்கலைத் தனிக் குற்றமாகப் பார்க்கும் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு. முதல் புகாரை நிரூபிக்க முடியாமல் போனாலும் இரண்டாவது நிற்கக்கூடும்.

நான் ஸூ ஷெஃப். என் கீழே வேலை செய்யும் பையன் என்னைப் பற்றி எழுதி வைக்கிறான் என்று தெரிந்தது.

அவனைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். மற்றவர்களிடம் விசாரிக்கவும் வேண்டாம். இரண்டுமே மிரட்டலாகத்தான் பதிவாகும், பதிவாவதும் நியாயம். அன்று நடந்ததை உங்கள் பங்குக்கு நேர்மையாக எழுதி வையுங்கள். வீசியது உண்மையானால் உங்கள் மேலதிகாரியிடம் அவன் போவதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சர்வீஸில் ஆள் பற்றாக்குறை இருந்தது என்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள். அது நிர்வாகம் சரி செய்ய வேண்டிய விஷயம். அந்தப் பையன் முழங்கையில் வாங்கிக்கொள்ள வேண்டியதல்ல.

வேலையை விட்டுவிட்டேன். இனி இந்த நோட்டு எதற்கு?

தூக்கிப் போடாதீர்கள். ராஜினாமாக் கடிதத்தில் "சொந்தக் காரணங்கள்" என்று எழுதாமல் உண்மையான காரணத்தை ஒரு வரியில் எழுதியிருந்தால், நோட்டு அதற்குத் துணை ஆவணம். அப்படி எழுதவில்லை என்றாலும் காலக்கெடு முடியாதவரை வெளிப் புகாருக்கு வழி இருக்கிறது. கணக்கு முடிக்கும்போது "எனக்கு எந்தக் குறையும் இல்லை, இனி எதுவும் கோரமாட்டேன்" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். கடைசிச் சம்பளத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவார்கள். படித்துப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கேட்டு, தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ காட்டிவிட்டுப் போடுங்கள். உங்களுக்குப் பிறகு அதே அடுப்புக்கு வந்தவர் புகார் கொடுத்து, உங்களைத் தேடி வரலாம். அப்போது அவர் கேட்கப்போவது தேதியும் நேரமும்தான்.